கம்ருத்தீன் பற்றி ஒரு கூட்டு இடுகை

ஹாஜி மெத்வல்லி இந்த ரமலானில் செத்துப்போகக் கூடாது என்பதுதான் என் நோக்கம். பெரிய நோக்கம் ஒன்றுமில்லை.

மன்சூராவில் ஒரு டயாலிசிஸ் மையத்தில் நான் உணவு ஆலோசகர். பெயர் நெர்மீன். பதினான்கு நாற்காலிகள், பதினான்கு இயந்திரங்கள், சுவரில் ஒரு தொலைக்காட்சி. மூன்றாம் நாற்காலி ஹாஜி மெத்வல்லியுடையது. ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். வாரத்தில் மூன்று நாள், நாலு நாலு மணி நேரம் கையில் ஊசியோடு உட்கார்ந்திருப்பார். போன ரமலானில் நோன்பு துறக்கிற நேரத்தில் இரண்டு கிளாஸ் கம்ருத்தீன் குடித்துவிட்டு வந்தார். உலர்ந்த ஆப்ரிகாட் பழத் தகட்டைக் கரைத்துச் செய்கிற பானம் அது. எங்கள் ஊரில் அதில்லாமல் ரமலான் கிடையாது. சிறுநீரகம் வேலை செய்யாதவருக்கு அதைவிடப் பொட்டாசியம் நிறைந்த விஷமும் கிடையாது. இதயம் தாறுமாறாக ஓடி, மூன்று நாள் தீவிர சிகிச்சையில் கிடந்தார். திரும்பி வந்ததும் முதல் வேலையாகக் கைப்பேசியைத் திறந்து அப்லா இன்ஷிராஹின் காணொளியைப் பார்த்தார்.

அப்லா இன்ஷிராஹுக்கு ஒன்பது லட்சம் பேர். வீட்டு அடுப்படியில் நின்று, பார்க்கிறவர்களையெல்லாம் திட்டிக்கொண்டே சமைப்பாள். அக்கா மாதிரி, வாத்தியாரம்மா மாதிரி எல்லோரும் அவளை அப்லா என்பார்கள். எனக்கும் ஒரு வலைப்பூ உண்டு. சிறுநீரக நோயாளிகளுக்கான சமையல். வாசகர்கள் அறுநூற்று நாற்பது பேர். அதில் பாதிப்பேர் மற்ற ஊர்களின் உணவு ஆலோசகர்கள். மீதிப்பேர் என் சொந்தக்காரர்கள்.

"டாக்டரம்மா, நீங்க எழுதுறத என் மக படிச்சுக் காட்டினா. ரொம்ப நல்லா இருந்துச்சு, தூக்கம் வந்துருச்சு" என்றார் ஹாஜி.

"அப்போ யார் சொன்னா கேப்பீங்க ஹாஜி?"

"அப்லா சொன்னா கேப்பேன். அவ பொய் சொல்ல மாட்டா."

ரமலானுக்கு இருபத்தாறு நாள் இருந்தது. அப்லாவோடு சேர்ந்து ஓர் இடுகை போடுவது என்று முடிவு செய்தேன். அவள் சமைக்க வேண்டும், நான் சரிபார்க்க வேண்டும், இரண்டு பேர் பெயரும் வர வேண்டும். அவ்வளவுதான். கேட்டால் போதும்.

கேட்டேன். முப்பத்தோரு வரி எழுதினேன். அவளுடைய கைக்கும், கரண்டிக்கும், பெற்ற தாய்க்கும் நல்வாழ்த்து. அவள் குழந்தைகளுக்கு நீண்ட ஆயுள். அவள் செய்த வாத்துப் பொரியலால் எங்கள் வீட்டில் வந்த சந்தோஷம். வாத்தே நான் வாங்கியதில்லை, அது வேறு விஷயம். இருபத்தேழாவது வரியில் விஷயத்தைத் தொட்டேன்: "உங்கள் பொன்னான நேரம் அனுமதித்தால், என்றாவது ஒரு நாள், ஏதேனும் ஒரு விதத்தில், உங்கள் ஒத்துழைப்பு கிடைத்தால் அது எங்களுக்குப் பெருமை." பிறகு நாலு வரி மன்னிப்பு.

மறுநாளே குரல் செய்தி வந்தது. "என் கண்ணே, ஊரே வெளிச்சமாயிருச்சு போ! என் பக்கம் உன் பக்கம், என் வீடு உன் வீடு. எப்ப வேணும்னாலும் வா, கூச்சப்படாத."

கேட்டதும் மனசு சோர்ந்துவிட்டது. எங்களிடம் படகுக்காரன் அழைப்பு என்று ஒன்று உண்டு. ஆற்று நடுவில் படகில் சாப்பிடுகிறவன் கரையில் போகிறவனைப் பார்த்து "வாங்க சாப்பிடலாம்" என்பான். அவன் நீந்தி வரப்போவதில்லை என்று இருவருக்கும் தெரியும். அழைத்தவனுக்குப் புண்ணியம், மறுத்தவனுக்கு மரியாதை. ஆகவே முறைப்படி மறுத்தேன்: "ஆண்டவன் உங்களை வாழவைக்கட்டும், உங்களுக்கு எதற்குச் சிரமம்."

உண்மையான அழைப்பாக இருந்தால் மறுபடியும் வற்புறுத்துவாள். வற்புறுத்தினாள். "சத்தியமா வந்தே ஆகணும்!" ஒரு வற்புறுத்தலுக்கே ஒத்துக்கொள்வது அலைகிற மாதிரி இருக்கும். "இன்னொரு சமயம், இன்ஷா அல்லாஹ்" என்றேன். மூன்றாவதாக "உன் இஷ்டம் கண்ணே" என்று வந்தது. "உங்கள் இஷ்டமே எங்கள் இஷ்டம்" என்று அனுப்பிவிட்டு, நாலாவது அழைப்புக்காகக் காத்திருந்தேன்.

பதினோரு நாள் காத்திருந்தேன். வரவில்லை. கடைகளில் கம்ருத்தீன் தகடுகளை ஆரஞ்சு நிறச் சுவர்போல அடுக்கிவிட்டார்கள்.

மையத்தின் மூத்த செவிலி கரீமானுக்கு மரியாதை என்றால் என்னவென்று தெரியாது. அதனால்தான் ஒரே குத்தில் ஊசி ஏறும். அவளிடம் கைப்பேசியைக் கொடுத்தேன். இயந்திரத்தின் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு முழுதும் படித்தாள்.

"இவ என்ன கேட்டா?" என்றாள்.

"யாரு?"

"நீதான். நீ என்ன கேட்ட? இதுல ஒண்ணுமே இல்லையே. அவ மூணு தடவ வான்னு சொல்லியிருக்கா, நீ மூணு தடவ வரலன்னு சொல்லியிருக்க. பாவம், அவதான் கோவிச்சுக்கணும்."

"அது மரியாதைக்குச் சொன்னது கரீமான்."

"ஒன்பது லட்சம் பேர் எழுதுற எடத்துல உன் மரியாதைய யாரு தோண்டி எடுத்துப் பாப்பா? நீ யாரு, என்ன வேணும், ஏன் அவகிட்ட, யாரு என்ன செய்யணும், எந்தத் தேதி. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லட்டும். எழுது."

"வாழ்த்து?"

"ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு."

அவள் பக்கத்தில் நிற்க, எழுதினேன். சொந்த அக்காவிடம் கடன் கேட்கப் போகிறவள் மாதிரி கை கூசியது. அப்லாவின் பக்கத்தில் தொழில் விஷயங்களுக்கென்று தனி முகவரி இருக்கிறது, அதற்கு அனுப்பினேன்.

"அப்லா இன்ஷிராஹுக்கு வணக்கம். நான் மன்சூராவில் டயாலிசிஸ் நோயாளிகளின் உணவு ஆலோசகர். என் நோயாளிகள் என்னை விட்டுவிட்டு உங்களைக் கேட்கிறார்கள். ரமலானுக்கு முன் ஒரே ஒரு கூட்டு இடுகை போட விரும்புகிறேன்: தக்காளி இல்லாத முட்டைக்கோஸ் மஹ்ஷி, கம்ருத்தீன் ஏன் கூடாது என்ற விளக்கம். சமையலும் படப்பிடிப்பும் உங்களுடையது. அளவும் மருத்துவ வரிகளும் என்னுடையது. இருவரும் சரி என்றால்தான் வெளியிடுவோம். இது விளம்பரம் இல்லை, பணமும் இல்லை. வியாழனுக்குள் பதில் தந்தால் போதும். முடியாது என்றாலும் வருத்தமில்லை. என் வலைப்பூவின் முகவரி கீழே."

பதினோரு வரி. படித்துப் பார்த்தபோது எனக்கே என் மேல் கோபம் வந்தது. இவ்வளவு திமிர் பிடித்தவளா நான்?

நாற்பது நிமிடத்தில் அப்லாவின் குரல் வந்தது. "இத மொதல்லயே சொல்லித் தொலைக்கக் கூடாதா? வாத்து விக்கிறவன்னுல்ல நெனச்சேன்! எங்க மாமாவும் அந்த மெஷின்லதான் போனாரு. புதன்கிழமை எடுக்கிறேன். பேசுறத எழுதி அனுப்புறேன், பாத்துச் சொல்லு."

எழுதி அனுப்பினாள். முட்டைக்கோஸ் இலையில் அரிசியை வைத்துச் சுருட்டி வேகவைக்கிற மஹ்ஷி கச்சிதம், தக்காளிக்குப் பதில் எலுமிச்சை, சோயிக்கீரை, உப்பு இல்லை. கூட வைக்கிற உருளைக்கிழங்கைப் பொட்டாசியம் குறையப் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடியும் வேகவைக்கச் சொல்லியிருந்தாள். நான் சொல்லிக்கொடுத்த முறைதான். கடைசியில் ஒரு வரியைத் தானே சேர்த்திருந்தாள்: "ஒரு வாய் கம்ருத்தீன் குடிச்சா ஒண்ணும் ஆயிடாது, மனசுன்னு ஒண்ணு இருக்குல்ல."

ஹாஜி மெத்வல்லியின் ஒரு வாய் எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.

பதில் எழுத உட்கார்ந்தேன். "அற்புதம் அப்லா, கண் பட்டுவிடும். ஒரு சின்ன விஷயம், தப்பாக நினைக்க வேண்டாம், முடிந்தால் கடைசி வரியைக் கொஞ்சம்..." அங்கேயே நிறுத்தினேன். இதை அவள் படித்தால் என்ன செய்வாள்? "கொஞ்சம்" என்று இருப்பதால் கொஞ்சம் மாற்றுவாள். ஒரு வாய் அரை வாயாகும். அழித்துவிட்டு எழுதினேன்: "கடைசி வரி தவறு. அது ஒருவரைக் கொன்றுவிடும். அது இருந்தால் என் பெயர் வேண்டாம்."

அனுப்பிய பிறகு கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டேன். பயமாக இருந்தது. ஒன்பது லட்சம் பேரையும் நானே கையால் தள்ளிவிட்ட மாதிரி. இரண்டு மணி நேரம் பதில் இல்லை. பிறகு ஒரே சொல் வந்தது: "சரி."

வெள்ளிக்கிழமை மதியம் கைப்பேசியில் அறிவிப்பு வந்தது: அப்லா இன்ஷிராஹ் உங்களைக் கூட்டு ஆசிரியராக அழைக்கிறார், ஏற்கிறீர்களா? அந்தப் பொத்தானை அழுத்தினால்தான் இடுகை என் பக்கத்திலும் வரும், என் பெயரும் மேலே ஏறும். பழக்கதோஷத்தில் ஒரு முறை மறுக்கலாமா என்று விரல் தயங்கியது உண்மை. அழுத்தினேன். கடைசி வரியில் அப்லா கரண்டியைத் திரைக்கு நேராக நீட்டிக் கத்திக்கொண்டிருந்தாள்: "மெஷின்ல உக்காருறவன் எவனாவது கம்ருத்தீனத் தொட்டான்னா கைய ஒடிப்பேன்! டாக்டர் நெர்மீன் சொல்றா, நான் சொல்றேன், செத்துருவ!"

திங்கட்கிழமை மையத்துக்குள் நுழைந்தபோதே மூன்றாம் நாற்காலியிலிருந்து சத்தம் வந்தது.

"டாக்டரம்மா! இங்க வாங்க. கம்ருத்தீன் குடிச்சா நான் செத்துருவேனாம். அப்லா சொல்லிட்டா. வீட்ல இருந்த மூணு தகட்டையும் தூக்கிப் பக்கத்து வீட்டுக்குக் குடுத்துட்டேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "ரொம்ப நல்லது ஹாஜி" என்றேன்.

"என்ன நல்லது? நாலு வருஷமா இங்க வர்றேன். ஒருத்தர் சொல்லலையே! போன வருஷம் சாகப் பாத்தேன். நீங்களாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னேன் ஹாஜி. மாசா மாசம் சொன்னேன்."

"எப்போ சொன்னீங்க?"

"போன ரமலானுக்கு மொதல் நாள்கூட. இதே நாற்காலி."

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "ஆமா, என்னமோ சொன்னீங்க. 'ஹாஜி, உங்களுக்குச் சிரமம் இல்லன்னா, முடிஞ்சா கம்ருத்தீனக் கொஞ்சம் பாத்துக்குங்க, உங்க இஷ்டம்'னீங்க."

"அதேதான்."

"அது மரியாதைக்குச் சொன்னதுன்னுல்ல நெனச்சேன்" என்றார்.

கரீமான் தலையைத் திருப்பிக்கொண்டு இயந்திரத்தின் குழாயைச் சரிசெய்தாள். அதில் சரிசெய்ய ஒன்றுமில்லை. தீவிர சிகிச்சையில் அவர் கிடந்த மூன்று நாளும் நான் அவரைத்தான் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்: சொன்னால் கேட்காத மனுஷன் என்று. அவர் கேட்டிருக்கிறார். ஒரு சொல் விடாமல் கேட்டிருக்கிறார். அந்த வெட்கத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

"மன்னிச்சிருங்க ஹாஜி" என்றேன்.

"பரவால்ல, சின்னப் பொண்ணு நீங்க. அப்லாகிட்டப் பேசிக் கத்துக்குங்க."

நாலாம் நாற்காலியில் உம்மு ஃபத்ஹி மடியில் வாழைப்பழத்தை வைத்து உரித்துக்கொண்டிருந்தார். அதிலும் பொட்டாசியம்தான். "சாப்பிடாதீங்க. அது உங்களக் கொன்னுடும்" என்றேன்.

அவர் கை நின்றது. என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, கரீமான் பக்கம் குனிந்து கேட்டார்: "டாக்டரம்மாவுக்கு என் மேல என்ன கோபம்?"

கேட்டுக்கொண்டே, பழத்தைக் கரீமானின் கையில் கொடுத்துவிட்டார்.