எல்லாத்துக்கும் மன்னிப்பு

ஜார்ஜ் டவுன் பீச் ஸ்ட்ரீட்டில் கப்பல் சரக்குகளுக்குப் பத்திரம் போட்டுத் தரும் அந்த ஆபீசில், தப்பு நடந்தால் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுக்கிற வழக்கம் இருந்தது. பெட்டி எண் மாறிப் போனாலும் கடிதம், சுங்கத்துக்குக் கொடுக்கும் படிவம் தாமதமானாலும் கடிதம். எழுதிக் கொடுத்தால் கோப்பில் போட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். சவுந்தரம் பதினேழு வருட வேலையில் அப்படிப் பல கடிதங்கள் எழுதியிருந்தாள். அதனால் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தபோது அவளுக்குப் பெரிதாகப் பயம் வரவில்லை.

அது தொண்ணூற்றெட்டாம் வருடம். கப்பல்கள் குறைந்திருந்தன. ஜனவரியில் இரண்டு பேரை நஷ்டஈடு கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அதற்குப் பிறகு யாரையும் அனுப்பவில்லை. ஆனால் மேனேஜர் மைக்கேலின் அறைக் கதவு முன்புபோலத் திறந்தும் கிடக்கவில்லை.

கடிதத்தில் இரண்டு குற்றங்கள். ஒன்று, ஆபீஸ் போனைச் சொந்த வேலைக்குப் பயன்படுத்தியது. இரண்டு, ஆபீஸ் லேப்டாப்பில், தன் பெயரில் உள்ள இண்டர்நெட் கணக்கைப் போட்டு, சனிக்கிழமை சாயங்காலங்களில் ஆபாசப் படங்கள் பார்த்தது.

முதல் குற்றம் உண்மைதான். சவுந்தரம் வாரநாளெல்லாம் ஜார்ஜ் டவுனில் ஒரு அறையில் தங்கினாள். புருஷன் இருந்தது கடலுக்கு அக்கரையில், பைராம் என்ற தோட்டத்தில். சர்க்கரை வியாதியில் ஒரு காலை எடுத்துவிட்டார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தோட்டத்துக் கடைக்குப் போன் போட்டு, அவர் சாப்பிட்டாரா, ஊசி போட்டாரா என்று கேட்பாள். இரண்டு நிமிடப் பேச்சு. மைக்கேலே அந்தப் பக்கம் போகும்போது, "அண்ணன் எப்படி இருக்காரு?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

இரண்டாவது குற்றத்தைப் படித்து அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. ஆபீசுக்கு இருந்தது ஒரே கணக்கு. மூன்று வருடத்துக்கு முன் பயிற்சிக்குப் போனது அவள் ஒருத்தி என்பதால் அவள் பெயரில் எடுத்தார்கள். பாஸ்வர்ட் எல்லாருக்கும் தெரியும். பக்கத்து மேசை பஷீர் தன் கம்ப்யூட்டரில் அந்தக் கணக்கைப் போட்டுத்தான் பந்தாட்ட முடிவு பார்ப்பான். அந்த லேப்டாப்பைக் கையாண்டதோ மைக்கேல் ஒருவர்தான்.

ஆபீஸ் நிர்வாகத்தைப் பார்க்கும் புஷ்பராணி, கடிதத்தைக் கொடுத்தபோது குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"அக்கா, வாதாடிக்கிட்டு இருக்காதீங்கலா. கே.எல். ஹெட் ஆபீஸ்ல இருந்து ஆடிட் வந்து பாத்துட்டாங்க. நடந்த எல்லாத்துக்கும் சாரின்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. முடிஞ்சிடும்."

"அந்த அசிங்கத்த நான் பாக்கலையே புஷ்பா."

"தெரியும்க்கா. பாத்தீங்கன்னு எழுதச் சொல்றேனா? சாரிதானே."

சவுந்தரம் எழுதினாள். 'நடந்த எல்லாவற்றுக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இனி நடக்காது.' கையெழுத்துப் போட்டாள்.

மறுநாளே அரைச் சம்பளத்தில் வேலையிலிருந்து நிறுத்தி வைத்து, உள்விசாரணைக்குத் தேதி குறித்துவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் படிக்கட்டில் பஷீர் அவளைப் பிடித்துக்கொண்டான்.

"ஏன்க்கா எழுதிக் குடுத்தீங்க? ஆள் குறைக்கிறோம்னு அனுப்பினா நஷ்டஈடு குடுக்கணும். குத்தம் பண்ணாங்கன்னு தூக்கினா ஒரு காசு இல்லே. இது புரியலையா?"

"புஷ்பா அப்படிச் செய்வாளா தம்பி?"

"அவங்க செய்யலே. அவங்கள வச்சுச் செய்றாங்க." படிக்கட்டுக்குக் கீழே யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தான். "நான் வர்றேன். உங்களுக்குத் துணையா உக்காரலாம்னு சட்டத்துல இடம் இருக்கு. அப்புறம் என் பொழப்பு என்னாகும்னு இப்ப கேக்காதீங்க."

விசாரணைக் குழுவாக மூன்று பேர் உட்கார்ந்தார்கள். தலைவர் விநாசித்தம்பி, அதே கம்பெனியின் ஜுரு கிடங்கு மேனேஜர். கண்டிப்பானவர் என்று பெயர். கம்பெனித் தரப்பில் குற்றத்தை எடுத்துச் சொன்னது புஷ்பராணி. அவள் சவுந்தரத்தின் முகத்தைப் பார்க்கவில்லை.

விநாசித்தம்பி முதலில் போனை எடுத்தார். "மத்தியானச் சாப்பாட்டு நேரம். உள்ளூர் போன். இதுக்கு முன்னாடி வாய்மொழியாவாவது எச்சரிச்சீங்களா?"

"இல்லே சார்," என்றாள் புஷ்பராணி.

"போன் பேசக்கூடாதுன்னு விதி?"

"போன மாசம் சுற்றறிக்கை போட்டோம்."

"அதுக்கு அப்புறம் பேசினாங்களா?"

"ஒரு தடவ."

"இந்த ஆபீஸ்ல வேற யாரும் வீட்டுக்குப் பேசறதில்லையா?"

பஷீர் தொண்டையைக் கனைத்தான். "நான் பேசறேன் சார். மேனேஜரும் பேசுறாரு. எங்க ரெண்டு பேருக்கும் கடிதம் வரலே."

"உன்னைக் கேக்கலே தம்பி. இருந்தாலும் எழுதிக்கறேன்." விநாசித்தம்பி எழுதினார். "ஒரு போன்தான் தப்பு. எச்சரிக்கை போதும். இதுக்காகப் பதினேழு வருஷத்துச் சோத்தைப் பறிக்க முடியாது. அடுத்தது."

இரண்டாவதில் பஷீர் நன்றாகவே கேட்டான். சனிக்கிழமை ஒரு மணிக்கு ஆபீஸ் மூடினதும் சவுந்தரம் ஃபெர்ரி பிடித்து பைராம் போய்விடுவாள் என்றான். லேப்டாப் மேனேஜர் அறையில்தான் இருக்கும் என்றான். பாஸ்வர்ட் எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டான். புஷ்பராணி, "எல்லாருக்கும்," என்று சொல்ல வேண்டியதாயிற்று.

"சரி, அந்த லேப்டாப்பக் கொண்டாங்க. எந்த நேரத்துல படம் இறக்கினாங்க, யார் பேர்ல என்ன வேலை பண்ணாங்கன்னு பாத்துடலாம்," என்றார் விநாசித்தம்பி.

"இல்லே சார். ஆடிட் முடிஞ்சதும் அழிச்சுப் புதுசா போட்டுட்டாங்க."

"யார் சொல்லி?"

"மேனேஜர்."

மேல் மாடியில் மைக்கேலின் நாற்காலி நகரும் சத்தம் பலகைத் தளத்தின் வழியே கேட்டது. மேசையைச் சுற்றி இருந்தவர்கள் யாரும் நிமிரவில்லை.

விநாசித்தம்பி மன்னிப்புக் கடிதத்தை எடுத்தார். "அம்மா, 'நடந்த எல்லாவற்றுக்கும்'னு எழுதியிருக்கீங்க. எதுக்கு மன்னிப்பு?"

"போனுக்கு சார். அந்தப் படத்த நான் பாக்கவே இல்லே."

"அப்ப ஏன் எல்லாத்துக்கும்?"

"எழுதச் சொன்னாங்க சார்."

"யாரு?"

சவுந்தரம் புஷ்பராணியைப் பார்த்தாள். அவளுடைய விரல்கள் குற்றப் பத்திரத்தின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தன. காகிதம் மெல்ல நூல்நூலாகப் பிரிந்தது. புஷ்பராணிக்கு அம்மா படுக்கையில். இரண்டு தம்பிகள் படிக்கிறார்கள். இதெல்லாம் சவுந்தரத்துக்குத் தெரியும். தன் சாப்பாட்டுப் பாத்திரத்திலிருந்து எத்தனையோ நாள் அவளுக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

"நீங்க சொன்னீங்களா மிஸ்?" என்றார் விநாசித்தம்பி.

"இல்லே சார். அவங்களாதான் எழுதிக் குடுத்தாங்க."

"புஷ்பா!" என்று பஷீர் எழுந்து நின்று கத்தினான்.

"உக்காரு," என்றார் விநாசித்தம்பி. அவருடைய பேனா நகரவில்லை. அவர் நம்பவில்லை என்பது தெரிந்தது. ஆனால் நம்பாததற்குக் காட்ட அவரிடம் காகிதம் இல்லை. கையில் இருந்தது ஒரு கையெழுத்து.

அவர் தந்த அறிக்கை நேர்மையானதுதான். போனுக்கு எச்சரிக்கை. லேப்டாப் விஷயத்தில் அந்தக் கடிதத்தைத் தவிர வேறு சாட்சி இல்லை, கருவியை அழித்தது கம்பெனிதான், பணிநீக்கத்துக்கு இது போதாது. அப்படித்தான் எழுதியிருந்தார். ஆனால் அறிக்கை கொடுப்பதோடு விசாரணைக் குழுவின் வேலை முடிந்தது. முடிவு நிர்வாகத்தினுடையது. நிர்வாகம் என்றால் மைக்கேல். ஒரு வாரம் கழித்து நீக்க உத்தரவு வந்தது. 'ஊழியர் தம் குற்றத்தைத் தாமே ஒப்புக்கொண்டுள்ளார்' என்று அதில் இருந்தது. நஷ்டஈடு பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அறுபது நாளுக்குள் தொழிலுறவுத் துறையில் மனுக் கொடுக்கலாம் என்று பஷீர் சொன்னான். சவுந்தரம் தள்ளிப்போடவில்லை. அடுத்த திங்கட்கிழமையே போய் உட்கார்ந்தாள்.

எதிரே அதிகாரி, மரியாதையாகப் 'புவான்' என்று அழைக்கப்படும் சலேஹா. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மலாயில் நிதானமாகக் கேட்டாள். "வேலை திரும்ப வேண்டும் என்றுதானே கேட்கிறீர்கள்? பணம் மட்டும் போதும் என்றால் இந்த மனு செல்லாது."

"வேலைதான் வேணும்."

"கம்பெனியைக் கூப்பிட்டுச் சமரசம் பேசுவோம். ஒத்துவரவில்லை என்றால் மேலே போகும். கோர்ட்டுக்குப் போனால் வருடக்கணக்கில் ஆகலாம். அதுவரை தாங்குவீர்களா?"

சவுந்தரம் தலையாட்டினாள். எப்படித் தாங்குவது என்று அவள் கேட்கவில்லை.

"பாஸ்வர்ட் எல்லாருக்கும் தெரியும், படம் பார்த்தது நீங்கள் இல்லை. இதைச் சொல்லச் சாட்சி?"

"பஷீர்."

புவான் சலேஹா அந்தப் பெயரை எழுதத் தொடங்கினாள். பிறகு பேனாவை நிறுத்தினாள்.

"அவர் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறாரா?"

"ஆமா."

"கோர்ட்டில் வந்து சொல்கிறவரைக்கும் செய்வாரா?"

பின்னால் வரிசையில் நின்றவர்கள் காகிதங்களை விசிறிக்கொண்டிருந்தார்கள். காலையில் பஷீரே சவுந்தரத்தை மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கிவிட்டான். இறங்கும்போது, மேனேஜர் தன்னை மத்தியானம் மேலே வரச் சொல்லியிருக்கிறார் என்று சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

"பஷீர்னு எழுதுங்க," என்றாள்.