ஒரு மில்லி தோல்

சூளையில், கரித்தூள் அடைத்த பெட்டிக்குள், உழவு டிராக்டரில் மாட்டும் ரோட்டவேட்டரின் பல்சக்கரம் எட்டு மணி நேரமாக வெந்துகொண்டிருந்தது. மெக்கானிக் திலீபன் பட்டறை வாசலில் இருப்புக்கொள்ளாமல் நடந்தான்.

“முழுசையும் கெட்டியாக்கிருங்கக்கா.”

“முழுசும் கெட்டியானா, கடமலைக்குண்டு காட்டுக் கல்லுல பட்டதும் பல்லு தெறிச்சுரும்,” என்று சீறினாள் பட்டறைக்காரி பாண்டீஸ்வரி. “கரி மேல்தோல்ல ஒரு மில்லி ஆழந்தான் ஏறும். எண்ணெயில முக்குனா அது இறுகிரும். உள்ள கரி கம்மி, அதான் அடி தாங்கும்.”

எண்ணெயில் குளித்து வந்த சக்கரத்தைத் திலீபன் வாசலில் நின்ற ரோட்டவேட்டரிலேயே மாட்டினான். பல் பொருந்தாமல் இறுகியது. பொறுக்கமாட்டாமல் கிரைண்டரை எடுத்துப் பல்லைத் தேய்த்துத் தள்ளினான்.

“இப்பப் பொருந்துதுக்கா!”

பாண்டீஸ்வரி பல்லில் அரத்தை வைத்து இழுத்தாள். வழுக்க வேண்டிய அரம் கரகரவென்று கடித்தது.

“பொருந்தும்லே. எட்டு மணி நேரமா நான் ஏத்துனதத்தான் கீழ கொட்டிவச்சிருக்க.”