விடுபட்ட வருடங்கள்

மதிய இடைவேளைக்கு முன்பே எல்லோரையும் சாப்பாட்டு மண்டபத்துக்குக் கூப்பிட்டு, ஆளுக்கொரு உறையைக் கையில் கொடுத்தார்கள். கனடாவில், ஸ்காபரோவில் இயங்கிய அந்தப் போத்தல் மூடித் தொழிற்சாலை, காரில் மூன்று மணித்தியாலத் தூரத்தில் இருக்கும் கிங்ஸ்டனுக்கு இடம்மாறுகிறது. விரும்பியவர்கள் அதே சம்பளத்தோடும் வீடு மாறும் செலவோடும் அங்கே வரலாம். வராதவர்களுக்கு எட்டுக் கிழமை, அதாவது இரண்டு மாதம் அளவில், முன்னறிவித்தல், அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒரு கிழமைச் சம்பளம், மிச்சமிருக்கும் விடுமுறைப் பணம். இனி எந்த உரிமையும் கோரமாட்டோம் என்று ஒப்பமிட்டால் அதற்கு மேலேயும் கொஞ்சம் தருவார்கள்.

பாலேஸ்வரி கடிதத்தை அவசரப்படாமல் ஆறுதலாக வாசித்தாள். இரண்டாம் பக்கத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்த திகதி பிழையாக இருந்தது. புதிய முதலாளிகள் தொழிற்சாலையை வாங்கிய நாளை அங்கே போட்டிருந்தார்கள். அதற்கு முன்பு பழைய முதலாளியின் கீழ் அதே மெசினில் நின்ற பதினொரு வருடங்களைக் காணவில்லை.

"அக்கா, நான் இண்டைக்கே சைன் வைக்கப்போறன்," என்றாள் பக்கத்தில் இருந்த வேரோனிக்கா. அவளும் பாலேஸ்வரியும் ஒரே மாதத்தில் சேர்ந்தவர்கள். அவளுடைய கணவனுக்குக் கிழமைக்கு மூன்று தரம் டயலிசிஸ். கிங்ஸ்டன் பக்கம் அவளால் நினைத்தும் பார்க்க முடியாது. "மேலதிகக் காசை விடேலுமே?"

"பொறு பிள்ளை. ரெண்டு கிழமை தவணை தந்திருக்கினம். உன்ரை திகதியைப் பார்."

வேரோனிக்கா பார்த்தாள். முகம் சுண்டிப்போயிற்று.

அடுத்த நாள் இருவரும் இலவசச் சட்ட உதவி நிலையத்துக்குப் போனார்கள். அங்கிருந்த நிலாணி என்ற இளம் வழக்கறிஞர் இரண்டு கடிதங்களையும் வாசித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"தொழிற்சாலையை விற்கேக்கை பழைய கொம்பனி உங்களைக் கணக்கு முடிச்சு அனுப்பினதோ, அன்ரி?"

"இல்லை," என்றாள் பாலேஸ்வரி. "வெள்ளிக்கிழமை வேலை, திங்கக்கிழமை வேலை. சம்பளத் துண்டிலை பேர் மட்டும் மாறினது."

"அப்ப உங்கட சேவை அறுபடேல்லை. வாங்கினவை அந்த வருசங்களையும் சேர்த்துத்தான் எண்ணவேணும். இன்னொண்டு, சட்டப்படி வாறதை நீங்கள் சைன் வைச்சாலும் வைக்காட்டிலும் தந்தே ஆகவேணும். சைன் மேலதிகத்துக்கு மட்டும்தான். இப்ப வைச்சால் பிறகு கேக்கிறது கஷ்டம்."

அன்றிரவு சாப்பிடும்போது பாலேஸ்வரி விஷயத்தைச் சொன்னாள். பாடசாலை பஸ் ஓட்டும் அவளுடைய கணவர் குலசிங்கம் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார். "தாறதை வாங்கிக்கொண்டு வீட்டிலை இருமன். அவங்களோடை ஏன் கொளுவுறாய்?"

"கொளுவேல்லை. வேலை செய்ததைக் கேக்கிறன்."

பழைய முதலாளி தந்த வருமான வரித் துண்டுகளை அவள் பெட்டியிலிருந்து எடுத்தாள். அடுத்த நாட்களில் சாப்பாட்டு மண்டபத்தில் மேசை மேசையாகப் போய்க் கேட்டாள். அதே பிழை வந்தவர்கள் பதினான்கு பேர் இருந்தார்கள். சிலர் பயந்தார்கள். மேலதிகம் இல்லாமல் போனால் என்ன செய்வது என்று அமிர்தநாதர் அண்ணை தலையைச் சொறிந்தார். கடைசியில் அவரும் பெயரைக் கொடுத்தார். நிலாணி எழுதித் தந்த கடிதத்தில் எல்லோரும் ஒப்பமிட்டார்கள்.

ஆளணி அதிகாரி றோய் அவளைக் கூப்பிட்டார். தலைமை அலுவலகத்துக் கணினியில் உள்ள திகதிதான் அது, தன்னால் மாற்ற முடியாது என்றார்.

"மாற்றக்கூடியவரிடம் அனுப்புங்கள்," என்று பாலேஸ்வரி தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னாள். "அதுவரைக்கும் நாங்கள் யாரும் ஒப்பமிடமாட்டோம். தொழில் அமைச்சுக்கு முறைப்பாடும் தயாராக இருக்கிறது."

தவணை முடிய இரண்டு நாள் இருக்கும்போது புதிய கடிதங்கள் வந்தன. திகதி திருத்தப்பட்டிருந்தது. தவணையையும் ஒரு கிழமை நீட்டியிருந்தார்கள். வேரோனிக்கா நிலாணிக்குக் கடிதத்தை மறுபடியும் காட்டிவிட்டு, விலகுவதற்கான கட்டத்தில் அடையாளமிட்டு ஒப்பமிட்டாள். அழுதுகொண்டே பாலேஸ்வரியைக் கட்டிப்பிடித்தாள்.

பாலேஸ்வரி மற்றக் கட்டத்தில் அடையாளமிட்டாள்.

"கிங்ஸ்டனோ?" குலசிங்கத்துக்கு நம்ப முடியவில்லை. "போறதெண்டால் பிறகேன் அந்தத் திகதிக்கு இவ்வளவு பாடுபட்டனி?"

"அங்கையும் ஒருநாள் பூட்டினாங்களெண்டால்? அப்ப நான் நேற்று வந்தவள் மாதிரி நிக்கேலாது. எனக்கு அம்பத்திரண்டு வயசப்பா. இந்த வயசிலை இஞ்சை வேலை தேடி ஆரோ பெடியனுக்கு முன்னாலை இன்ரவியூவிலை இருக்கமாட்டன். அந்த மெசின் போற இடத்துக்கு நானும் போறன்."

"என்ரை வேலை?"

"அங்கை பிள்ளையள் பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போகுதுகள்?"

மூன்றாம் நாள் காலை குலசிங்கம் தேநீரோடு தன் தொலைபேசியையும் நீட்டினார். அதில் கிங்ஸ்டனில் வாடகைக்கு விடும் ஒரு சிறிய வீட்டின் சமையலறைப் படம் இருந்தது.

"குசினி உனக்குக் காணுமோ, சின்னனோ எண்டு பார்," என்றார்.