ஐம்பத்தாறை எப்படித் தடுப்பது?

2003-இல் உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்கு எதிரே பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். நான்கு கம்ப்யூட்டர்களுக்கும் சேர்த்து, போன் லைனில் இணையம் தரும் ஒரே மோடம். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் சாட்டில் உட்கார்ந்து ஒருவரையொருவர் ஏசிக்கொள்வார்கள். பெற்றோர் சண்டைக்கு வந்ததால் ஒரு மென்பொருளைப் போட்டேன். நாம் சேர்க்கும் எழுத்துகள் எங்கே வந்தாலும் அது நட்சத்திரம் போட்டு மறைக்கும். அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பிள்ளைகள் தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பார்கள்; தண்டம் என்று திட்டுகிறார்களே என்று thanda சேர்த்தேன். பையன்கள் dhanda என்று எழுதிவிட்டுப் போனார்கள். நடுவே thanda வருவதால் மாட்டிக்கொண்டது பக்கத்து ஊர் காவாந்தண்டலம்தான். "எங்க ஊரு இன்னா கெட்ட வார்த்தையா பாய்?" என்று அந்த ஊர்க்காரர் ஒருவர் கேட்டார்.

அப்போதுதான் என் அக்கா ஷாஜியா வந்தாள். அவள் மகள் அஃப்ரின் பதினொன்றாம் வகுப்பு, கொஞ்சம் திக்கும். ஒரு வாரமாகப் பள்ளிக்கூடம் போகவில்லை.

"சாட்ல அசிங்கப்படுத்தறாங்கோ பர்வேஸ். வூட்லயே இருக்கட்டும், படிப்பு வாணாம்னு அவங்க அத்தா சொல்றாரு."

திரைகளைப் பார்த்தேன். கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லை. மோடம் வந்துச்சா, மோடம் பேசுச்சா என்றுதான் இருந்தது. லைன் போட்டபோது மோடம் க்ர்ர், கீகீ என்று கத்தியது. எனக்கு உறைத்தது. அஃப்ரினின் திக்கலுக்கு வைத்த பெயர் அது. ஆனாலும் அந்தப் பயல்களின் மூளையை மெச்சாமல் இருக்க முடியவில்லை.

modem சேர்த்தேன். m0dem என்று எழுதினார்கள். அதையும் சேர்த்தேன். அப்புறம் வெறும் 56. மோடத்தின் வேகம் அது. அதைச் சேர்த்ததும் 56 வருகிற போன் நம்பர், ரயில் நேரம், பரீட்சை மார்க் எல்லாம் நட்சத்திரமாயின. அதை எடுத்துவிட்டு அக்கா வீட்டுக்குப் போனேன்.

"தடுக்க முடியலமா. 56-ன்னு எழுதிக்கினு கீறானுங்கோ. அத்த மறைச்சா உன் மார்க்கும் மறைஞ்சிடும்."

அஃப்ரின் முதன்முறையாகச் சிரித்தாள். "ந... நல்லாத்தான் கீது மாமு. யாரு க... கண்டுபுடிச்சது?"

"நந்தகுமார். உன் கிளாஸ்தான்."

மறுநாள் மாலை அவளே சென்டருக்கு வந்தாள். நந்தகுமாருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தன் பெயரை afrin56 என்று அடித்தாள். அந்த நேரம் பார்த்து லைன் அறுந்தது. நான் திரும்பப் போட்டேன். மோடம் கத்தியது. பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அஃப்ரின் திரும்பினாள். அவசரமே படவில்லை.

"மோ... மோடம் க... கத்தி முடிச்சாத்தான்டா உங்க எல்லாருக்கும் லை... லைன் கெடைக்கும்."

அவள் சொல்லி முடிக்கும்வரை யாரும் சிரிக்கவில்லை. மோடம் ஓய்ந்தது, நான்கு திரைகளும் உயிர்பெற்றன. நந்தகுமார் தலை நிமிராமல், "கெடச்சிருச்சி அஃப்ரின்" என்றான்.

மறுநாள் அவள் பள்ளிக்கூடம் போனாள். நான் thanda-வை எடுத்துக் காவாந்தண்டலத்தை விடுவித்தேன்.