முந்நூறு லிட்டர்

ஐம்பத்து மூன்று மணி நேரம் தண்ணீர் ஓடியிருந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு மாடித் தொட்டியின் மோட்டார் திரும்பத் திரும்பத் தானாகவே ஓட ஆரம்பித்தது. மோட்டாருக்குத்தான் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று வாட்ச்மேன் நினைத்தார். ஞாயிறு இரவு பதினொன்றுக்குப் படியில் தண்ணீர் இறங்கி வந்த பிறகே ஓடிப்போய் அந்த வீட்டுக்கான வால்வை மூடினார். வீட்டுக்குக் கீழே இருந்த கடை வார இறுதியில் பூட்டியிருந்ததால் அதன் கூரை ஒழுகியதையும் யாரும் பார்க்கவில்லை.

அந்த வீட்டில் குடியிருந்த அக்கா, தங்கை இருவரில் அக்கா அப்போது ஊரில் இல்லை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. புதிய இயந்திரத்தைக் கற்றுக்கொள்ள நாற்பது நாளுக்கு முன் வெளியூர் அனுப்பியிருந்தார்கள். வாட்ச்மேன் கூப்பிட்டதும் கிடைத்த வண்டியைப் பிடித்துத் திங்கள் காலை வந்து சேர்ந்தாள். கதவைத் திறந்தபோது செருப்பு ஒன்று அவளை வரவேற்பதுபோல மிதந்து வந்தது.

வாடகை வீடு. வீட்டுக்கார அம்மா முதல் வேலையாகச் சொல்லிவிட்டார்: "சுவரும் குழாயும் என் இன்சூரன்ஸ்ல பாத்துக்கறேன். உள்ள இருக்கற சாமான் உங்க பாடும்மா."

அந்தச் சாமான்கள் அக்காவின் ஆறு வருஷத்து ஓவர்டைம். கட்டில், மெத்தை, மரத்தூள் பலகையில் செய்த இரண்டு பீரோ, லேப்டாப், பெட்டி பெட்டியாகப் புத்தகங்கள். பீரோக்கள் அடியில் உப்பிப்போய் நின்றன. நல்ல வேளையாக வீட்டுச் சாமான்களுக்குப் பாலிசி எடுத்து வைத்திருந்தாள். அது கை கொடுக்காவிட்டால் இரண்டாவது முறை வாங்கத் தெம்பு இல்லை. கையிலும் இல்லை, மனசிலும் இல்லை.

தங்கை அன்று மதியம்தான் வந்தாள். "பிரெண்டு வீட்டுக்குப் போயிருந்தேன்க்கா. ரெண்டு நாள்தான். போன்ல சார்ஜ் போயிடுச்சு."

கண்ணெல்லாம் சிவந்து, கன்னம் ஒட்டியிருந்தது. அக்கா அதைக் குற்ற உணர்ச்சி என்று எடுத்துக்கொண்டு, திட்டாமல் விட்டாள். இரண்டு பேரும் சேர்ந்து மெத்தையைத் தூக்கப் பார்த்தார்கள், அசையவில்லை. தங்கை அடியில் ஒரு போர்வையைச் செருகி, சுருட்டிப் பிடித்து, ஒரே இழுப்பில் அதைப் பக்கவாட்டில் புரட்டினாள்.

"எங்கடி கத்துக்கிட்ட இத?"

"பாத்திருக்கேன்," என்றாள் தங்கை.

அன்று இரவே அக்கா கடிதம் எழுத உட்கார்ந்தாள். பாலிசி எண், தேதி, காரணம். சமையலறை சிங்க்குக்குக் கீழே தண்ணீர் வரும் வளைகுழாய் திடீரென வெடித்தது. முன்பு கசிவு ஏதும் இல்லை. வெடித்த குழாயைப் பத்திரமாக வைத்திருக்கிறோம். எதையும் தூக்கி எறியவில்லை. இத்தோடு முடித்திருக்கலாம். ஆனால் அவளுக்கு ஒரு முடிவை எழுதினால் அது எப்படி வந்தது என்றும் எழுதியாக வேண்டும். மறுநாள் காலையில் வெடித்த குழாயின் கீழே வாளியைப் பிடித்து, ஒரு நிமிஷம் வால்வைத் திறந்து, தண்ணீரை அளந்தாள்.

"ஆடிட்டர் ஆரம்பிச்சுட்டாங்க," என்றாள் தங்கை. சின்ன வயதிலேயே அக்காவுக்கு அவள் வைத்த பெயர் அது. வழக்கமாக அதைச் சொல்லும்போது சிரிப்பாள்.

படிக்கட்டு ஓரத்தில் அவர்கள் வீட்டுக்கென்று தனி மீட்டர். ஊருக்குக் கிளம்பிய அன்றே அக்கா அதைப் படம் எடுத்திருந்தாள். அவள் இல்லாத நாட்களின் தண்ணீர்க் கட்டணம் தங்கையுடையது. அக்கா தங்கை என்றாலும் கணக்கு கணக்குதான். அந்தப் படத்தையும் இப்போதைய படத்தையும் கடிதத்தோடு இணைத்தாள். 'நான் ஊரில் இல்லாத நாட்களில் என் தங்கை இவ்வீட்டில் வசித்து வந்தார்' என்று கடைசி வரி. தங்கை அதைப் படித்துவிட்டுத் தாளைத் திருப்பித் தந்தாள். அக்கா கையெழுத்துப் போட்டு அனுப்பினாள்.

வியாழக்கிழமை இன்சூரன்ஸ் கம்பெனியின் சர்வேயர் வந்தார். பேன்ட்டை இரண்டு மடிப்பு மடித்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். பீரோவைத் தட்டினார், சுவரில் ஈரமானியை வைத்தார், வெடித்த குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"புதுசா வெடிச்சதுதான். பழைய கசிவு இல்ல. அதுல உங்களுக்குப் பிரச்சனை இல்ல மேடம்." பிறகு கடிதத்தை எடுத்தார். "முப்பது வருஷ சர்வீஸ்ல வாளி வெச்சு அளந்து கிளெய்ம் போட்ட ஆள இப்பத்தான் பாக்கறேன். கொஞ்சம் விளக்குங்க."

அக்காவுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. "நிமிஷத்துக்குப் பத்து லிட்டர் சார். மணிக்கு அறுநூறு. அம்பத்து மூணு மணி நேரத்துக்கு முப்பத்தோராயிரத்து எண்ணூறு. மீட்டர்ல நான் போறப்ப அறுநூத்துப் பன்னெண்டு யூனிட், ஒரு யூனிட் ஆயிரம் லிட்டர். இப்ப அறுநூத்து நாப்பத்து நாலு புள்ளி ஒண்ணு. வித்தியாசம் முப்பத்திரண்டாயிரத்து நூறு லிட்டர். கிட்டத்தட்டச் சரியா வருது. மிச்சம் வெறும்..."

நிறுத்தினாள். மிச்சம் முந்நூறு லிட்டர்.

குளிக்க, துவைக்க, சமைக்க, கழுவ. ஒருத்திக்கு மூன்று நாளைக்குப் போதும். அக்கா ஊருக்குப் போய் நாற்பது நாள்.

கடிதத்தில் கிட்டத்தட்டச் சரி என்று எழுதிய கைதான் இது. வித்தியாசம் சின்னதாக வந்ததில் மகிழ்ந்துபோய், அந்தச் சின்னதற்குள்தான் தங்கை நாற்பது நாளும் வாழ்ந்திருக்க வேண்டும் என்று யோசிக்கவே இல்லை.

சர்வேயர் பேனாவை மூடினார். "பாலிசில ஒரு வரி இருக்கு மேடம். தொடர்ந்து முப்பது நாளுக்கு மேல ஆள் இல்லாத வீடுன்னா, தண்ணிச் சேதத்துக்குப் பணம் கிடையாது. நான் கேட்டு எழுதியாகணும். மீட்டரை ஒரு படம் எடுத்துட்டு வரேன்." வேண்டுமென்றே மெதுவாகப் படியிறங்கினார்.

தங்கை சமையலறை வாசலில் நின்றாள்.

"தெனம் ராத்திரி போன்ல என்னடி சொன்ன? கதவ பூட்டிட்டேன், கேஸ மூடிட்டேன்னு. எந்தக் கதவ?"

தங்கை கீழே கிடந்த ஈரத்துணியைக் காலால் ஓரமாகத் தள்ளினாள்.

"எவன் கூட இருந்த?"

"அப்படியெல்லாம் இல்லக்கா."

"இல்லன்னா சொல்லித் தொலையேன். மெத்தையெல்லாம் போச்சு, பீரோ போச்சு. பொய்ய எழுதி, கையெழுத்தும் போட்டு அனுப்பியிருக்கேன் நான். எங்க இருந்த?"

"சொன்னா நீ என்ன வீட்ட விட்டே அனுப்பிடுவ. நீதான சொன்ன."

"நான் என்ன சொன்னேன்?"

தங்கை தரையைப் பார்த்தாள். இந்த வீட்டில் அக்கா அப்படி மிரட்டிச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். அம்மாவையும் தங்களையும் விட்டுவிட்டு இன்னொரு வீட்டுக்குப் போன மனிதரைப் பற்றி. அவர் பேரை எடுத்தால் வாசல் அந்தப் பக்கம் என்று. அதைச் சொல்லியும் ஒன்பது வருஷமாயிற்று.

போர்வையைச் செருகி மெத்தையைப் புரட்டிய கைகள் நினைவுக்கு வந்தன. அக்கா வேலை பார்க்கும் பரிசோதனைக் கூடத்துக்கு மேலேயே ஆஸ்பத்திரி வார்டு. எழுந்திருக்க முடியாதவர்களை அங்கே அப்படித்தான் புரட்டுவார்கள்.

சர்வேயர் திரும்பி வந்து, நின்றபடியே தாளை விரித்தார். அக்கா பக்கம் பார்க்காமல் தங்கையிடம் கேட்டார்.

"கடைசியா இந்த வீட்ல எப்பம்மா தங்கினீங்க? ரெண்டு நாள் முன்ன பின்ன இருந்தாலும் பரவாயில்ல. யோசிச்சுச் சொல்லுங்க."

முப்பது நாளுக்குள் ஒரு எண்ணைச் சொல்ல அவர் வழிவிடுகிறார் என்று அக்காவுக்குப் புரிந்தது. சொல்லிவிடேன் என்று மனசு ஒரு கணம் கெஞ்சியது. தங்கைக்கும் புரிந்திருக்கும். அவள் அக்காவைப் பார்க்காமல், பேனா பிடித்த அந்த முன்பின் தெரியாத மனிதரைப் பார்த்தே பேசினாள்.

"அக்கா போன மூணாவது நாள் கெளம்பிட்டேன் சார். அப்புறம் இங்க வரவே இல்ல. அப்பாகூட ஆஸ்பத்திரில இருந்தேன். பாக்க வேற யாரும் வரல. ஞாயித்துக்கிழமை காலைல அவரு செத்துப் போயிட்டாரு."