மூலையில் நிற்கும் யானை

ஸ்டீபன்ராஜுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று திண்டுக்கல் தாடிக்கொம்பு ரோட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். உண்மைதான். நான்தான் அந்த ஸ்டீபன்ராஜ். மரத்தில் சதுரங்கக் காய் கடையும் பட்டறை வைத்திருக்கிறேன். அன்றைக்கு என் கோபம் முழுக்க அண்ணன் மகள் வினோலியா மேல்தான்.

ரஷ்யாவில் கசான் நகரத்துப் பொம்மைக் கடைக்காரர் ஒருவர் மாதிரிப் பெட்டி கேட்டிருந்தார். சதுரங்கமே தெரியாத இரண்டு பிள்ளைகளிடம் அதைக் கொடுப்பாராம். உள்ளே இருக்கும் விதித்தாளை மட்டும் படித்து அவர்கள் ஒரு ஆட்டம் ஆடி முடித்தால் ஆர்டர் எங்களுக்கு. வேலை இல்லாமல் என் இரண்டாவது கடைசல் இயந்திரம் சாக்கைப் போர்த்திக்கொண்டு கிடந்தது. அதில் வேலை பார்த்த மலைச்சாமியை வீட்டுக்கு அனுப்பியிருந்தேன். ஆர்டர் வந்தால்தான் அவரைக் கூப்பிட முடியும்.

வினோலியா அதே கசானில் மருத்துவம் படித்தவள்; இங்கே டாக்டராவதற்கான தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். நான் தமிழில் எழுதிய விதிகளை ரஷ்ய மொழியில் ஆக்கிவிட்டாள். சாயங்காலம் கூரியர் போக வேண்டும். தாளைக் கேட்டால் தரமாட்டேன் என்கிறாள்.

"செத்த நேரம் பொறுங்க சித்தப்பா. வயித்துவலின்னா அங்கத்தி வார்த்தை அம்புட்டும் தெரியும். சதுரங்கத்துக்கு என்ன சொல்லுவாகன்னு தெரியாது. ஒரு ஆள் படிச்சு அடுக்கிப் பாக்கட்டும்."

கசானில் அவளோடு விடுதியில் இருந்த ஆல்ஃபியாவை வீடியோ அழைப்பில் பிடித்தாள். தெரிந்ததை மறந்துவிட்டுத் தாளில் எழுதியிருப்பதை மட்டும் செய் என்று சொன்னாள். அந்தப் பெண் படித்தாள், தன் வீட்டுச் சதுரங்கக் காய்களை எடுத்து வைத்தாள், பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். நான்கு மூலையிலும் மந்திரிகள் நின்றார்கள்.

"ஏத்தா, எதுக்கு அவ மந்திரியைக் கொண்டுபோய் மூலையில வைக்கிறா?" என்று கத்தினேன்.

வினோலியா கேட்டுச் சொன்னாள். மூலையில் யானை என்று நான் எழுதியிருந்தேன். அவள் யானைக்கு உள்ள ரஷ்யச் சொல்லான 'ஸ்லோன்' என்று போட்டிருந்தாள். ரஷ்யர்களுக்கோ ஸ்லோன் என்றால் நம் மந்திரி. நம் யானைக்கு அங்கே 'லத்யா' என்று பெயர். லத்யா என்றால் படகாம். எங்கள் ராணி அங்கே ராணியே இல்லை, 'ஃபெர்ஸ்' என்று ஆண்பால். குதிரை மட்டும் நல்ல பிள்ளையாக அங்கேயும் குதிரைதான். நான் மந்திரி என்று எழுதியதை வினோலியா நிஜ அமைச்சராகவே ஆக்கியிருந்த இடத்தில், இந்த அமைச்சர் பெட்டியிலேயே இல்லையே என்று ஆல்ஃபியா கேட்டாளாம்.

"அவ்வளவுதானே? யானையைப் படகாக்கு, மந்திரியை யானையாக்கு. கம்ப்யூட்டர்ல ஒரு தட்டு தட்டினா மாறிரும்."

"மாறாது சித்தப்பா. யானை ஆம்பள, படகு பொம்பள. காய் மாறுனா பக்கத்து வார்த்தையோட வால் மாறணும், வினை மாறணும். எல்லா வரியையும் திரும்ப எழுதணும். நாளைக்கு அனுப்புவோம்."

கூரியர்காரரைத் திருப்பி அனுப்பினேன். அவரையும் திட்டினேன், பாவம்.

அவள் உட்கார்ந்தாள். தேர்வுப் புத்தகங்களை ஒதுக்கிவிட்டு ரஷ்யச் சதுரங்கக் கூட்டமைப்பின் விதிகளைத் திறந்துவைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்து, காயை நகர்த்திப் பார்த்து எழுதினாள். தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும் என்பதற்கு முதலில் மூன்று வரி எழுதியிருந்தாள். அதற்கு அங்கே ஒரு வழக்கு இருப்பதைக் கண்டுபிடித்தாள்: 'திரோனுல், ஹதி.' தொட்டாயா, நகர்த்து. மூன்று வரியையும் அடித்துவிட்டு அதைப் போட்டாள். எனக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. ஆனாலும் அந்தப் பிள்ளை வேலை செய்வதைப் பார்க்க எனக்கு நிரம்பப் பெருமையாக இருந்தது. கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. சோறும் வெஞ்சனமும் ஆறிப்போகிறது என்று அண்ணி மூன்று தடவை கூப்பிட்டும் அவள் எழுந்திருக்கவில்லை.

பெட்டி போனது. பிறகு ஒரு நாள் கடைக்காரர் வீடியோ அனுப்பினார். பட்டறையில் எல்லோரும் வினோலியாவின் போனைச் சுற்றி நின்றோம். இரண்டு சிறுமிகள். பக்கத்தில் பெரியவர்கள் யாரும் இல்லை. காய்கள் சரியாக அடுக்கப்பட்டிருந்தன. பாதி ஆட்டத்தில் ஒருத்தி ராஜாவுக்குக் கோட்டை கட்ட நினைத்தாள். தாளைப் படித்தாள். ராஜாவை இரண்டு கட்டம் நகர்த்தினாள். அடுத்து எந்தக் காய்? கை காற்றில் நின்றது. காய்ப்பெயர் ஒன்று தப்பினாலும் இந்த இடத்தில் கதை முடிந்துவிடும்.

அவள் திரும்பவும் தாளைப் பார்த்தாள். விரல் மெல்ல மூலைக்குப் போனது.

"லத்யா," என்றாள்.

எனக்குத் தெரிந்த காய்ப்பெயர்! "அதான்த்தா, அதான்! தூக்கி ராஜாவுக்கு அந்தப் பக்கம் வை!" என்று நான் திண்டுக்கல்லிலிருந்து கத்தினேன். கசானில் அவள் தூக்கி அந்தப் பக்கம் வைத்தாள்.

ஆட்டம் செக்மேட் வரைக்கும் போனது. வினோலியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் மலைச்சாமிக்குப் போன் போட்டுவிட்டு, இரண்டாவது இயந்திரத்தின் மேல் கிடந்த சாக்கை உருவினேன்.