வலி நின்றுவிட்டது, ரத்து செய்யவும்

அந்தக் கிளினிக்கில் ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், காத்திருக்க ஆறு நாற்காலிகள். வந்து விழும் செய்திகளோ அறுநூறு பேருக்கு ஆகும். கடல் அலையாவது கரையைத் தொட்டதும் திரும்பிப் போகும், இவை போகாது. மின்னஞ்சலிலும் குறுஞ்செய்தியிலும் வருகிற அத்தனையையும் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து பிரிப்பவளுக்குச் சல்லடை என்று பெயர் வைத்திருந்தார்கள். புதிதாக நேரம் கேட்பவை ஒரு பக்கம், நேரத்தை மாற்றச் சொல்பவை ஒரு பக்கம், ரத்து ஒரு பக்கம். பெயர், பிறந்த தேதி, கைபேசி எண் மூன்றையும் பதிவேட்டோடு ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் எதையும் தொடுவாள். ஒன்பது வருஷத்தில் ஒரு பிசகு இல்லை. அந்தப் பெருமையில் அவள் கழுத்து இரண்டு அங்குலம் நீண்டுவிட்டதாக நர்ஸ் அண்ணன் சொல்வார்.

அவளுக்கு ரத்து என்றால் வெல்லக்கட்டி. ஓர் இடம் காலியாகும்; காத்திருப்போர் பட்டியலில் முதலில் இருப்பவரைக் கூப்பிட்டுச் சொன்னால் அவர் லாட்டரி விழுந்த மாதிரி கத்துவார்.

கணினித் திரையின் ஓரத்தில் நர்ஸ் அண்ணன் சிவப்பு மையில் எழுதி ஒட்டிய சீட்டு ஒன்று இருந்தது. 'மூச்சு, நெஞ்சு, ரத்தம், மயக்கம், கடும் வலி. இதில் எதைப் பார்த்தாலும் பிரிக்காமல் என்னிடம் கொடு.' சல்லடை அதைத் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பாள்.

அன்று காலை எட்டரைக்குத் திறந்ததும் முப்பத்தேழு செய்திகள். அவற்றில் ஒன்று ஒரு லிஃப்ட் மெக்கானிக்கிடமிருந்து, காலை ஆறரைக்குக் குறுஞ்செய்தியாக வந்திருந்தது. 'ரெண்டு நாளா வலது பக்க அடிவயிறு உயிர் போச்சு. காலைல ஆறு மணிக்கு ஸ்விட்ச் போட்டு அணைச்ச மாதிரி நின்னுடுச்சு. 11.20 வேண்டாம். நன்றி.'

நல்ல மனுஷன், நன்றி கூடச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டே சல்லடை ரத்தில் போட்டாள். 'உங்கள் நேரம் ரத்து செய்யப்பட்டது' என்று பதில் அனுப்பினாள். பதினொன்று இருபதைத் தோள்பட்டை பிடித்துக்கொண்ட ஒருவருக்குக் கொடுத்தாள். அவர் போனிலேயே கையைத் தூக்கி ஆடியிருப்பார், தோள்பட்டைதான் விடவில்லை.

பத்து மணிக்கு நர்ஸ் அண்ணன் பட்டியலைப் பார்க்க வந்தார்.

"என்னம்மா இது, பதினொண்ணு இருபதுல தோள்பட்டை உக்காந்திருக்கு? வயித்து வலிக்காரர் எங்க? நேத்து நானே போன் பண்ணி, காலைல வாங்க, வலி ஏறிச்சுன்னா ராத்திரியே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கன்னு சொல்லி வெச்சேன். ஒன்பது நாப்பது குடுத்தா, வேலை இருக்குன்னு தள்ளிப் போட்டாரு."

"தானா சரியாயிடுச்சாம் அண்ணே. ஆறு மணிக்கு டக்குனு நின்னு போச்சாம்."

நர்ஸ் அண்ணன் பெரும் பேச்சுக்காரர். பல் வைத்தியரிடம் வாய் திறந்திருக்கும்போதும் பேசுவார். அவருக்கு இப்போது ஒரே சொல்தான் வந்தது. முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் செருப்பு வழியாகத் தரையில் இறங்கிவிட்ட மாதிரி இருந்தது.

"டக்குனா?"

"ஸ்விட்ச் அணைச்ச மாதிரின்னு…"

அவர் டாக்டரம்மாவின் கதவைத் தட்டாமலே திறந்தார். அப்படி அவர் செய்து சல்லடை பார்த்ததில்லை. ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்திலேயே விட்டுவிட்டு டாக்டரம்மா வெளியே வந்து, திரையில் இருந்த செய்தியை இரண்டு முறை படித்தார்.

"குடல்வால் வீங்கி வெடிச்சா, அழுத்தம் விட்டுப்போய் வலி கொஞ்ச நேரம் அடங்கிடும். அப்புறம் உள்ள இருக்கிற சீழெல்லாம் வயிறு முழுக்கப் பரவும். இது அதுவா இல்லாமலும் இருக்கலாம். ஆனா அவரை உடனே பிடிங்க. நாலு மணி நேரம் போயிடுச்சு."

சல்லடையின் இதயம் அடித்த அடியில் மேசையிலிருந்த ஸ்டேப்ளர் நகர்ந்தது என்று சொன்னால் மிகைதான், ஆனால் ரொம்ப மிகை இல்லை. சிவப்புச் சீட்டில் இருந்ததெல்லாம் கெட்ட சேதிகள். நல்ல சேதி என்ற சட்டையைப் போட்டுக்கொண்டு எமன் வருவான் என்று அதில் யாரும் எழுதியிருக்கவில்லை.

மெக்கானிக்கின் எண்ணுக்குப் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி போட்டாள். வெளியே. பதிவேட்டில் 'அவசரத் தொடர்பு: தம்பி' என்று இருந்த எண், உபயோகத்தில் இல்லை. கைவிரல் பத்தும் பத்துப் பக்கம் ஓடின. அந்த ஆள் எங்கோ ஒரு லிஃப்ட் குழிக்குள் கயிற்றில் தொங்கிக்கொண்டு, வயிற்றுக்குள் விஷத்தோடு விசிலடித்துக்கொண்டிருப்பதாக அவள் கண்ணுக்குத் தெரிந்தது.

"நேத்து எதுல நேரம் கேட்டாரு?" என்றார் நர்ஸ் அண்ணன்.

மின்னஞ்சலில்! முடிந்தவை என்ற பெட்டியைக் கிளறினாள். நேரம் கேட்டது குறுஞ்செய்தியில் வரவில்லை, கம்பெனி முகவரியிலிருந்து வந்திருந்தது. அடியில் கம்பெனியின் தொலைபேசி எண்.

எடுத்தவர் மேற்பார்வையாளர். குரலைக் கேட்டால் உலகத்தையே தனியாகத் தூக்கி மாடியேற்றுகிறவர் போல இருந்தது.

"அவன் குழிக்குள்ள வேலையா இருக்கான். கீழ சிக்னல் வராது. என்ன விஷயம்?"

"கிளினிக்ல இருந்து பேசறேன் சார். அவரை உடனே மேல கூப்பிட்டு எங்களுக்குப் போன் பண்ணச் சொல்லுங்க."

"ஏன், என்ன வியாதி?"

"அதை அவர்கிட்டதான் சொல்ல முடியும் சார்."

"எனக்குச் சொல்லலேன்னா நான் எதுக்கும்மா கூப்பிடணும்? ஏழு மாடி ஜனம் படியேறிட்டு இருக்கு. மதியம் சாப்பிட வருவான், சொல்றேன்."

நோயாளியின் விஷயத்தை அடுத்தவரிடம் உடைக்கக் கூடாது. உடைக்காவிட்டால் ஆளே உடைந்துபோவார். சல்லடை போனை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள்.

"சார், மதியம்னா லேட்டு. நீங்க என்னை எவ்வளவு வேணா திட்டுங்க, எங்க டாக்டரைத் திட்டுங்க, கிளினிக்கையே இடிங்க. ஆனா முதல்ல அவரை ஏத்துங்க. போனை வைக்காம ஏத்துங்க. நான் இங்கயே இருக்கேன்."

அந்தப் பக்கம் குரல் கொஞ்சம் இறங்கியது.

"அழறியாம்மா?"

"ஆமா சார்."

"இரு. வாட்ச்மேனை அனுப்பறேன்."

பதினோரு நிமிஷம். சல்லடை அதற்குள் ஐந்து வயது மூத்தாள். பதினொன்று இருபதை வாங்கிய தோள்பட்டைக்காரர் சீக்கிரமே வந்து உட்கார்ந்து அவளைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளுக்கு ஊசியாகக் குத்தியது. கடைசியில் போனில் எண்ணெயும் எரிச்சலும் கலந்த குரல் ஒன்று வந்தது.

"அதான் நின்னுடுச்சுன்னு சொன்னேனே மேடம்! வேண்டாம்னாலும் விட மாட்டீங்களா? இவ்வளவு பாசமா ஒரு கிளினிக்கை நான் பார்த்ததே இல்லை."

டாக்டரம்மா போனை வாங்கினார். "இப்ப எப்படி இருக்கு? வயித்தை லேசா அமுக்கிப் பாருங்க."

"கொஞ்சம் பலகை மாதிரி இருக்கு. வேற ஒண்ணும் இல்லை டாக்டர். குழிக்குள்ள ஏசி போட்ட மாதிரி குளுருது, அவ்வளவுதான்."

"குழிக்குள்ள ஏசி இருக்கா?"

மெக்கானிக் கேலியெல்லாம் வடிந்த குரலில், "இல்லை டாக்டர்" என்றார்.

"அங்கயே உக்காருங்க. எதுவும் சாப்பிடாதீங்க, தண்ணி கூட வேண்டாம். ஆம்புலன்ஸ் வருது."

நர்ஸ் அண்ணன் ஏற்கெனவே இன்னொரு போனில் முகவரி சொல்லிக்கொண்டிருந்தார்.

மாலை நான்கு மணிக்குத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து பதில் கிடைத்தது. குடல்வால் வெடித்துத்தான் இருந்தது. அறுவை முடிந்துவிட்டது. ஆபத்துக் கட்டம் தாண்ட இரண்டு நாள் ஆகும், ஆனால் நேரத்துக்கு வந்தார் என்றார்களாம். டாக்டரம்மா சல்லடையைத் திட்டவில்லை. 'திடீரென்று நல்லாகிவிட்டது' என்று சிவப்புச் சீட்டில் தன் கையாலேயே எழுதிச் சேர்த்துவிட்டு உள்ளே போனார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

ஐந்து மணிக்கு மேல் வந்த செய்திகளை ஒவ்வொன்றாக இரண்டு முறை படித்தாள். 'தலைவலி விட்டுடுச்சு, நாளைக்கு வரலை' என்று ஒன்று. நர்ஸிடம் கொடுத்தாள். 'கால் வீக்கம் குறைஞ்சிருக்கு, அடுத்த வாரம் மாத்துங்க.' நர்ஸிடம். 'பாலுண்ணி தானா விழுந்துடுச்சு.' அதுவும் நர்ஸிடம்.

"ஏம்மா, பாலுண்ணி விழுந்ததுக்கு நான் என்ன பண்ணணும்?"

"எப்ப விழுந்துச்சு, எப்படி விழுந்துச்சுன்னு கேளுங்க அண்ணே."

அவர் வாயைத் திறந்தார், அவள் கண்ணைப் பார்த்தார், மூடிக்கொண்டு போனை எடுத்தார்.

அடுத்த செய்தியில் ஓர் அம்மாள், வெளியூர்ப் பயணம் இருப்பதால் வெள்ளிக்கிழமை வர முடியாது என்று எழுதியிருந்தார். சல்லடை அதை ரத்தில் போடப் போனாள். விரல் நின்றது. எண்ணைச் சுழற்றினாள்.

"வணக்கம்மா, கிளினிக்ல இருந்து பேசறேன். ஒண்ணுமில்லை, நீங்க நிஜமாவே ஊருக்குத்தானே போறீங்க? உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"